ஆஃப் ஸ்பின்னரின் ஃபீல்டிங் படத்தைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவியில் ஓவர் தொடங்கும் முன் பச்சை வட்டத்தில் புள்ளிகளாக ஒரு படம் வந்து போகும். பெயர்களைப் படித்து முடிப்பதற்குள் பந்து போட்டுவிடுவார்கள். அந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்று என்னிடம் கேட்டவர்களின் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லா வகை பவுலர்களையும் தொடவில்லை, ஒரே ஒரு படம்தான். டெஸ்ட் ஆட்டம், பந்து நன்றாகத் திரும்பும் பிட்ச், வலது கை ஆஃப் ஸ்பின்னர், எதிரே வலது கை பேட்ஸ்மேன். சென்னையில் கிளப் ஆட்டங்களில் பல வருடம் நான் போட்டதும் ஆஃப் ஸ்பின்தான். அதனால் எனக்கு நெருக்கமான படமும் இதுதான்.

படத்தைப் பார்த்ததும் எது ஆஃப் சைடு, எது லெக் சைடுன்னே குழம்புது. எங்கே ஆரம்பிக்கணும்?

முதலில் பவுலர் எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறார் என்று பாருங்கள். பெரும்பாலான படங்களில் அவர் கீழே இருப்பார், பேட்ஸ்மேன் மேலே இருப்பார். சில படங்களில் இது தலைகீழாக இருக்கும். இதைக் கவனிக்காமல் பெயர்களைத் தேட ஆரம்பித்தால் இடமும் வலமும் மாறிப்போகும்.

பவுலர் கீழே இருந்தால், பேட்ஸ்மேன் நிற்கும் இடத்தை ஒரு கடிகாரத்தின் நடுப்புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். 6 மணி திசையில் பவுலர், 12 மணியில் கீப்பர். வலது கை பேட்ஸ்மேனின் மார்பு 9 மணியைப் பார்த்திருக்கும். அவர் மார்பு நோக்கும் அந்த இடது பாதி ஆஃப் சைடு. அவர் முதுகுப் பக்கம் இருக்கும் வலது பாதி லெக் சைடு. இடது கைக்காரர் என்றால் அப்படியே மாறும்.

இதுவும் குழப்பினால் ஸ்லிப்பைத் தேடுங்கள். கீப்பரை ஒட்டி ஸ்லிப் நிற்கும் பக்கம் ஆஃப் சைடு. லெக் ஸ்லிப் என்று ஒருவர் மறுபக்கம் நிற்கலாம், ஆனால் அவர் பெயரிலேயே லெக் இருக்கிறது.

சரி, நீங்க சொல்ற அந்தப் படத்துல ஒன்பது பேரும் எங்கெங்கே நிக்கிறாங்க?

பவுலரையும் கீப்பரையும் கழித்தால் மிச்சம் ஒன்பது பேர். கடிகாரத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

ஆஃப் சைடில் நான்கு பேர். கீப்பரை ஒட்டி 11 மணிக்கும் 12 மணிக்கும் நடுவே ஸ்லிப். 9 மணியில் பாயிண்ட். 7 மணியில் மிட்ஆஃப். பேட்ஸ்மேனுக்கு மிக அருகே, எட்டரை மணி திசையில் சில்லி பாயிண்ட்.

லெக் சைடில் ஐந்து பேர். கீப்பருக்கு மறுபக்கம் 12 தாண்டியதும் லெக் ஸ்லிப். மூன்றரை மணி திசையில், மட்டையிலிருந்து சுமார் 2 மீட்டரில், ஷார்ட் லெக். 4 மணியில் மிட்விக்கெட், 5 மணியில் மிட்ஆன். கடைசியாக, இரண்டரை மணி திசையில் பவுண்டரி ஓரமாக ஒருவர். அவரை டீப் பேக்வர்டு ஸ்கொயர் லெக் என்பார்கள்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். பெயர்களை மறந்துவிட்டு ஒன்பது புள்ளிகளையும் தூரத்தை வைத்துப் பிரியுங்கள். மட்டைக்குப் பக்கத்தில் நான்கு பேர், நடு தூரத்தில் நான்கு பேர், எல்லையில் ஒருவர். பக்கத்தில் இருக்கும் நால்வர் கேட்சுக்காக நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர்கள் ஒரு ரன் ஓடவிடாமல் தடுக்க நிற்கிறார்கள். எல்லையில் இருப்பவர், ஒரு ரன் போனால் போகட்டும், நான்கு போகக்கூடாது என்பதற்காக நிற்கிறார். இந்த மூன்று வேலைகளையும் பிரித்துப் பார்த்தாலே கேப்டன் விக்கெட்டுக்குப் போகிறாரா, ரன்னைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறாரா என்று தெரிந்துவிடும்.

கவர்ல ஆளே இல்லையே! கேப்டன் மறந்துட்டாரா?

மறக்கவில்லை. இந்தப் படத்திலேயே மிக முக்கியமான இடம் அதுதான். 7 மணி மிட்ஆஃபுக்கும் 9 மணி பாயிண்டுக்கும் நடுவே, 8 மணி திசையில் ஒரு பெரிய காலி இடம். படத்தைப் படிக்கும்போது ஆட்களைவிட இந்தக் காலி இடத்தை முதலில் பார்க்கப் பழகுங்கள். பவுலர் எந்த ஷாட்டை ஆடச் சொல்கிறார் என்று அதுதான் சொல்லும்.

ஆஃப் ஸ்பின் வலது கை பேட்ஸ்மேனுக்கு வெளியே குத்தி உள்ளே திரும்பும். அதாவது நம் கடிகாரத்தில் இடமிருந்து வலமாக. அந்தப் பந்தை மிட்விக்கெட் பக்கம் தட்டினால் அது சுழலோடு போகும் ஷாட், அபாயம் குறைவு. கவர் பக்கம் டிரைவ் ஆடினால் சுழலுக்கு எதிராக ஆடுகிறார் என்று அர்த்தம். முன்காலை நீட்டி, மட்டையை உடம்பிலிருந்து தள்ளி வீச வேண்டும். அப்போது மட்டைக்கும் முன்கால் பேடுக்கும் நடுவே ஒரு சந்து திறக்கும். பந்து அவர் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பினால் அந்தச் சந்து வழியாகப் போய் ஸ்டம்பைத் தட்டும். கொஞ்சம் குறைவாகத் திரும்பினால் மட்டையின் உள்விளிம்பில் பட்டுப் பேடில் மோதி ஷார்ட் லெக்குக்கு எழும். திரும்பவே இல்லை என்றால் வெளிவிளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு. ஒரே ஷாட்டில் மூன்று வழிகளில் அவுட் ஆகலாம்.

இதற்கு ஓர் உதாரணம் சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரி, இந்தியா – இங்கிலாந்து இரண்டாவது டெஸ்ட், முதல் நாள். இங்கிலாந்தின் ஆஃப் ஸ்பின்னர் மொயீன் அலி, விராட் கோலிக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். கோலி கவர் டிரைவுக்குப் போனார். பந்து குத்தித் திரும்பி, மட்டைக்கும் பேடுக்கும் நடுவே புகுந்து ஸ்டம்பைத் தட்டியது. ரன் எதுவும் எடுக்காமல் அவுட். நடந்ததை நம்ப முடியாமல் அவர் சில நொடிகள் அங்கேயே நின்றார். கவர் டிரைவில் உலகத்திலேயே சிறந்தவர்களில் ஒருவருக்கே அப்படி நடந்தது. கவரைக் காலியாக விடுவதில் என்ன கணக்கு இருக்கிறது என்று அந்த ஒரு பந்து காட்டிவிடும்.

ஷார்ட் லெக் ஏன் அவ்வளவு பக்கத்துல நிக்கணும்? ரெண்டடி பின்னாடி போனா பாதுகாப்புதானே?

பாதுகாப்புதான், ஆனால் கேட்ச் கிடைக்காது. ஷார்ட் லெக்குக்கு வரும் பந்து வேகமாக அடித்த பந்து கிடையாது. பேட்ஸ்மேன் தடுக்கப் பார்த்து, பந்து மட்டையின் உள்விளிம்பைத் தொட்டு, பேடில் மோதி, மெதுவாக மேலெழுந்து விழும் பந்து. அது ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்திலேயே தரைக்கு வந்துவிடும். பின்னால் நின்றால் முன்னால் விழுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும்.

நான் மேலே சொன்ன அதே சேப்பாக்கம் டெஸ்டில் அஷ்வின் இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் 43 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். அதில் டான் லாரன்ஸ் ஷார்ட் லெக்கில் கில்லிடம் கேட்ச் கொடுத்தார். டாம் சிப்லி ஸ்வீப் ஆடப் போய், லெக் சைடில் பக்கத்தில் நின்ற கோலியிடம் கேட்ச் கொடுத்தார். இருவரும் வலது கைக்காரர்கள். பந்து உள்ளே திரும்பும்போது கேட்சுகள் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

ஆனால் ஷார்ட் லெக் அங்கே நிற்க ஒரு நிபந்தனை இருக்கிறது. பவுலர் ஷார்ட்டாகப் போடக்கூடாது. நான் ஒருமுறை நண்பனை ஷார்ட் லெக்கில் நிறுத்திவிட்டு, களைத்துப்போய் பந்தை அரைப் பிட்சில் குத்தினேன். பேட்ஸ்மேன் பின்காலில் போய் முழு பலத்தோடு இழுத்து அடித்தார். பந்து நண்பனின் முழங்காலுக்குக் கீழே பட்டது. இரண்டு வாரம் அவன் நொண்டி நொண்டித்தான் நடந்தான். அன்றிலிருந்து என் பந்து சரியாக விழவில்லை என்று தெரிந்தால், கேப்டன் சொல்வதற்கு முன்பே நானே ஷார்ட் லெக்கை எடுக்கச் சொல்லிவிடுவேன். படத்தில் ஷார்ட் லெக் இருந்தால், இந்த ஓவரில் ஆறு பந்தும் ஃபுல்லாக விழும் என்று பவுலர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று படியுங்கள்.

பந்து உள்ளே திரும்புதுன்னா ஸ்லிப் எதுக்கு? சில்லி பாயிண்ட் எதுக்கு?

ஆஃப் ஸ்பின் காற்றில் வரும்போது ஒரு பக்கம் நகரும், குத்தியபின் எதிர்ப்பக்கம் திரும்பும். வலது கை பேட்ஸ்மேனுக்கு அது காற்றில் கொஞ்சம் வெளியே விலகி, பிறகு உள்ளே வரும். எல்லாப் பந்தும் ஒரே அளவு திரும்பாது. தையலில் குத்தாமல் வழவழப்பான பக்கம் குத்தினால் நேராகவே போகலாம். பேட்ஸ்மேன் உள்ளே வரும் என்று மட்டையை வைப்பார், பந்து விலகிய திசையிலேயே போய் வெளிவிளிம்பைத் தொடும். ஸ்லிப் அதற்காகத்தான். அஷ்வின் மாதிரி விரலால் சொடுக்கி, வெளியே போகும் கேரம் பந்தும் வைத்திருப்பவர் என்றால் ஸ்லிப்பின் மதிப்பு இன்னும் கூடும்.

சில்லி பாயிண்டின் நிலை வேறு. வலது கைக்காரருக்கு ஆஃப் ஸ்பின் போடும்போது அங்கே கேட்ச் குறைவாகத்தான் வரும். முதலில் பேடில் பட்டு அப்புறம் மட்டையில் பட்டு எழும் பந்தும், நேராகப் போகும் பந்தைத் தடுக்கப் பார்த்துத் தூக்கிவிடுவதும் அங்கே போகலாம். அதைவிட, கண்ணெதிரே ஒருவர் குனிந்து நிற்கும்போது பேட்ஸ்மேன் கையைத் தளர்த்தித் தடுக்கத் தயங்குவார். ரன் கசிய ஆரம்பித்தால் கேப்டன் முதலில் எடுக்கும் ஆள் இவராகத்தான் இருப்பார். என் கணக்கில் இந்தப் படத்தில் மாற்றத்துக்கு இடம் கொடுக்கும் புள்ளி இது ஒன்றுதான்.

பவுண்டரியில ஒருத்தர் மட்டும் அங்கே ஏன்? அவரையும் உள்ளே கூப்பிட்டா இன்னும் அட்டாக்கிங்கா இருக்குமே?

ஸ்வீப் ஷாட்டுக்காக. திரும்பும் பிட்சில் ஆஃப் ஸ்பின்னரிடமிருந்து தப்பிக்கப் பேட்ஸ்மேனுக்கு இருக்கும் முதல் வழி ஸ்வீப். முட்டி போட்டு, திரும்பும் பந்தை அது திரும்பும் திசையிலேயே ஸ்கொயருக்குப் பின்னால் இழுத்துவிடுவார். அங்கே ஆள் இல்லை என்றால் இரண்டு ஓவரில் நான்கு பவுண்டரி போகும். கேப்டன் பதறிப்போய் ஷார்ட் லெக்கை எடுக்க வேண்டியிருக்கும். எல்லையில் ஒருவரை வைத்துவிட்டால் ஸ்வீப்புக்கு ஒரு ரன்தான். அந்த ஒரு ரன்னை விலையாகக் கொடுத்துத்தான் மற்ற எட்டுப் பேரையும் பக்கத்தில் வைத்திருக்கிறார். மேல்விளிம்பில் பட்டு உயரப் போனால் அவருக்கே கேட்ச்.

இங்கே ஒரு விதியும் இருக்கிறது. பவுலர் பந்தை விடும் நேரத்தில், பேட்ஸ்மேனின் கிரீஸ் கோட்டுக்குப் பின்னால் லெக் சைடில், கீப்பரைத் தவிர இரண்டு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. நின்றால் நோ பால். 1932–33 ஆஸ்திரேலியத் தொடரில் இங்கிலாந்து, உடம்பைக் குறிவைத்துப் போட்டு லெக் சைடில் ஆட்களைக் குவித்ததன் பின்விளைவாக 1950களில் வந்த கட்டுப்பாடு இது. இப்போது நம் படத்தில் எண்ணிப் பாருங்கள். லெக் ஸ்லிப் ஒருவர், பவுண்டரியில் ஒருவர். இரண்டும் நிரம்பிவிட்டது. அதனால்தான் ஷார்ட் லெக் கிரீஸுக்கு முன்னால் நின்றாக வேண்டும். அவர் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டால், அந்தப் பந்தில் விழும் விக்கெட் வீணாகிப்போகும். மைதானத்தில் ஸ்கொயர் லெக் அம்பயர் குனிந்து பார்ப்பது பல நேரம் இதைத்தான்.

ஒரு ஓவர் முழுக்க இந்தப் படத்தை வச்சு விளக்க முடியுமா?

ஓர் ஓவரைக் கற்பனை செய்துகொள்வோம். புதிதாக வந்த வலது கை பேட்ஸ்மேன், பவுலர் பந்து போடும் கை ஸ்டம்பை ஒட்டி இருக்கும் பக்கமாக, அதாவது ஓவர் த விக்கெட் வருகிறார்.

முதல் பந்து ஆஃப் ஸ்டம்புக்குக் கொஞ்சம் வெளியே, ஃபுல். பேட்ஸ்மேன் முன்கால் போட்டுத் தடுக்கிறார். பந்து மட்டையின் நடுவில் பட்டுக் காலடியில் விழுகிறது. ஷார்ட் லெக்கும் சில்லி பாயிண்டும் ஒருசேர முன்னால் சாய்கிறார்கள். பேட்ஸ்மேன் அதைக் கவனித்துவிட்டார்.

இரண்டாவது பந்து அதே இடம், இன்னும் வேகமாக. இந்தமுறை அவர் தடுக்காமல் சுழலோடு மிட்விக்கெட் பக்கம் தட்டுகிறார். ஃபீல்டர் கையிலேயே போகிறது. ரன் இல்லை. மிட்விக்கெட்டும் மிட்ஆனும் எடுத்துச் சேமிக்கும் ரன் யார் கண்ணிலும் படாது. ஆனால் பேட்ஸ்மேனை இந்த முனையிலேயே கட்டி வைப்பவர்கள் அவர்கள்தான். எளிதான திசை அடைபட்டுவிட்டது.

மூன்றாவது பந்துக்கு அவர் ஸ்வீப் முயல்கிறார். மட்டையில் படாமல், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே முன்காலில் படுகிறது. அவர் ஷாட் ஆடப் பார்த்ததால் எல்.பி.டபிள்யூ. கிடையாது. லெக் ஸ்லிப் ஓரடி இடம் மாறி நிற்கிறார்.

நான்காவது பந்து மெதுவாக, உயரமாக, இன்னும் கொஞ்சம் வெளியே. லெக் சைடு அடைபட்டிருக்கிறது, ஸ்வீப் ஒத்துவரவில்லை. கண்ணெதிரே கவர் காலியாகக் கிடக்கிறது. டிரைவ் ஆடுகிறார். சுத்தமாகப் பட்டு நான்கு. மைதானமே கை தட்டுகிறது. கேப்டன் கவருக்கு ஆளை அனுப்புகிறாரா என்று இப்போது பாருங்கள். அனுப்பவில்லை. அப்போதுதான் தெரிகிறது, அந்த நான்கு ரன்னும் திட்டத்துக்குள் இருந்தவை.

ஐந்தாவது பந்து பார்ப்பதற்கு அதேபோல் இருக்கிறது. ஆனால் ஒரு முழம் முன்னதாகக் குத்துகிறது, இன்னும் அதிகமாகத் திரும்புகிறது. பேட்ஸ்மேன் மறுபடியும் டிரைவுக்குப் போகிறார். மட்டை பந்து குத்திய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. சந்து திறக்கிறது. போல்டு.

ஸ்கோர் புத்தகத்தில் இந்த விக்கெட்டுக்கு எதிரே எந்த ஃபீல்டரின் பெயரும் இருக்காது. ஆனால் மிட்விக்கெட்டும், எல்லையில் நின்றவரும், கவரில் நிற்காமல் போனவரும் சேர்ந்து எடுத்த விக்கெட் அது.

ஆறாவது பந்து, புதிய பேட்ஸ்மேன். விக்கெட் எடுத்த சந்தோஷத்தில் பவுலர் ஷார்ட்டாகக் குத்திவிடுகிறார். பேட்ஸ்மேன் பின்காலில் போய் பாயிண்டுக்கும் ஸ்லிப்புக்கும் நடுவே கட் ஆடுகிறார், நான்கு. 10 மணி திசையில் ஆள் இல்லை. நான்காவது பந்தில் போன நான்கும் இதுவும் ஒன்றல்ல.

அதுவும் நாலு, இதுவும் நாலு. என்ன வித்தியாசம்? ஃபீல்டு தப்பா, பவுலிங் தப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ரன் போன இடத்தைப் பார்க்காதீர்கள், பந்து குத்திய இடத்தைப் பாருங்கள். நான்காவது பந்து, இந்த ஃபீல்டு எந்தப் பந்துக்காக வைக்கப்பட்டதோ அந்த இடத்தில்தான் விழுந்தது. அது போன திசையும் கேப்டன் திறந்து வைத்த திசை. ஆறாவது பந்து ஷார்ட். இந்த ஃபீல்டில் ஷார்ட் பந்துக்கு இடமே இல்லை. ஆகவே அது பவுலரின் தவறு. அதற்காக ஃபீல்டை மாற்றினால், அடுத்த நல்ல பந்துக்கு வேண்டிய ஆள் இருக்க மாட்டார்.

உள்ளூர் ஆட்டங்களில் அடிக்கடி நடப்பது இதுதான். பந்து எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் ஆளை அனுப்புவார்கள். கட் போனால் ஸ்லிப்பை எடுத்துத் தேர்டு மேனுக்கு, டிரைவ் போனால் ஷார்ட் லெக்கை எடுத்துக் கவருக்கு. ஆறு ஓவர் கழித்துப் பார்த்தால் எல்லாரும் பாதி தூரத்தில் நிற்பார்கள். கேட்சும் வராது, ஒரு ரன்னும் நிற்காது. அப்படிக் கலைந்த படத்தைப் பார்த்தால் பவுலர் எங்கே போட நினைக்கிறார் என்று உங்களால் சொல்லவே முடியாது. படம் கெட்டுவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை.

ஃபீல்டு தப்பாக இருக்கும் நேரமும் உண்டு. பவுலர் சரியான இடத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறார், ஆனால் பந்து திரும்பவில்லை என்றால், டிரைவ் ஆடுவதில் அபாயமே இல்லை. கவரைக் காலியாக விட்டது தூண்டில் இல்லை, தானம். அப்போது சில்லி பாயிண்டைக் கவருக்கு அனுப்ப வேண்டியதுதான். ஒரே படம் முதல் நாள் காலையில் தவறாகவும் நான்காம் நாள் சரியாகவும் இருப்பது இதனால்தான்.

பவுலர் திடீர்னு ஸ்டம்புக்கு அந்தப் பக்கம் போய் ரவுண்ட் த விக்கெட் போடறார். ஃபீல்டும் மாறுமா?

கொஞ்சம் மாறும். ஓவர் த விக்கெட் வரும்போது பந்தின் கோணமே உள்ளே வரும் கோணம், அதற்கு மேல் சுழலும் உள்ளே. பிட்ச் ரொம்பத் திரும்பினால் பந்து லெக் ஸ்டம்பையும் தாண்டிப் போய்விடும், எல்.பி.டபிள்யூ. கேட்டாலும் பயனில்லை. ரவுண்ட் த விக்கெட் போனால் கோணம் பந்தை வெளியே கொண்டுபோகும், சுழல் திருப்பி ஸ்டம்புக்குக் கொண்டுவரும். ஸ்டம்பில் படும் பந்துகள் கூடும். பந்து லெக் சைடில் வழிந்து ஓடுவது குறைவதால், லெக் ஸ்லிப்பை எடுத்து வேறு எங்காவது வைக்கலாம். பவுலர் பக்கம் மாறிய உடனே லெக் ஸ்லிப் நகர்கிறாரா என்று பாருங்கள்.

இடது கை பேட்ஸ்மேன் வந்தா, படத்தைக் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பிட்டா போதாதா?

போதாது. அவருக்கு அதே பந்து வெளியே திரும்புகிறது. எளிதான திசையும் அபாயமான திசையும் இடம் மாறிவிட்டன. கண்ணாடி மாதிரி திருப்பினால் கவர் காலியாக இருக்கும், ஆனால் இடது கைக்காரருக்குக் கவர் பக்கம் அடிப்பது சுழலோடு போகும் ஷாட். அங்கே காலியாக விடக்கூடாது.

ஆகவே கவரில் ஆள் வருவார். முக்கிய கேட்ச் ஷார்ட் லெக்கிலிருந்து ஸ்லிப்புக்கு மாறும், ஏனென்றால் வெளியே போகும் பந்து வெளிவிளிம்பைத்தான் தேடும். சில்லி பாயிண்டுக்கும் இப்போதுதான் உண்மையான வேலை. காலியாக விடும் இடம் மிட்விக்கெட் பக்கம் போகும். அங்கே இழுத்து அடித்தால் சுழலுக்கு எதிராக அடிக்கிறார். தப்பினால் பந்து மேலே எழும். அதைப் பிடிக்க எல்லையில் ஒருவர் காத்திருப்பார்.

பவுலர் பெரும்பாலும் ரவுண்ட் த விக்கெட் வருவார். பந்து உள்ளே வந்து, குத்தி, வெளியே போகும். உள்ளே வரும் என்று ஆடினால் ஸ்லிப், வெளியே போகும் என்று விட்டால் எல்.பி.டபிள்யூ. இடது கைக்காரர்களுக்கு அஷ்வின் பெரிய தலைவலியாக இருந்தது இந்த இரட்டைக் கேள்வியால்தான். டெஸ்டில் 200 இடது கை பேட்ஸ்மேன்களை அவுட் ஆக்கிய முதல் பவுலர் அவர். அந்த 200ஆவது விக்கெட்டும் இதே சேப்பாக்கம் ஆட்டத்தில் விழுந்ததுதான். அதே இன்னிங்ஸில் பென் ஸ்டோக்ஸை அவர் போல்டு எடுத்த பந்தைத் தேடிப் பாருங்கள். காற்றில் உள்ளே வந்து, குத்தி, மட்டையைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பில் போய்ப் பட்டது.

டி20யிலயும் இதே மாதிரி படிக்கலாமா?

காலி இடத்தைப் பார்க்கும் பழக்கம் அங்கேயும் உதவும். ஆனால் கேப்டனுக்கு அங்கே கை கட்டப்பட்டிருக்கிறது. முதல் 6 ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர், பிறகு அதிகபட்சம் ஐந்து பேர். லெக் சைடிலும் ஐந்து பேருக்கு மேல் நிற்கக்கூடாது. சில இடங்கள் காலியாக இருப்பது தூண்டிலுக்காக இல்லை, ஆள் போதாததால். அங்கே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: பவுண்டரியில் எந்தப் பக்கம் ஆட்கள் அதிகம்? பவுலர் அந்தப் பக்கம்தான் அடிக்கவைக்கப் போகிறார்.

படத்துல தெரியாதது ஏதாவது இருக்கா?

தூரம். படத்தில் மிட்ஆஃப் ஒரு புள்ளிதான். ஆனால் அவர் வழக்கமான இடத்திலிருந்து ஐந்து அடி முன்னால் வந்து நின்றால், என் தலைக்கு மேலே தூக்கி அடி என்று அழைக்கிறார். ஐந்து அடி பின்னால் போனால் ஒரு ரன்னைக் கொடுத்துவிடத் தயார் என்கிறார். டிவிப் படம் இதைக் காட்டாது. ஓவர் இடைவெளியில் கேமரா விலகி மைதானம் முழுக்கத் தெரியும் இரண்டு நொடி கிடைக்கும். அப்போது மிட்ஆஃபைத் தேடுங்கள். மைதானத்துக்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால், பவுலரின் கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன கடிகாரம் அங்கிருந்து அப்படியே தெரியும்.